வால்பாறை பஸ்ஸும் வாந்தி மாத்திரையும்: எதை, எப்போது, எந்த சீட்டில்

“பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கும் என் 8 வயது மகளுக்கும் பத்து வளைவு தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடுகிறது. மருந்துக் கடையில் வாந்தி மாத்திரை கேட்டு வாங்கி ஆழியாறு வந்ததும் போட்டேன், ஒரு பலனும் இல்லை. இன்னொரு தடவை வேறு மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி வரவில்லை, ஆனால் விசேஷ வீட்டில் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தேன். இஞ்சி மரப்பா மட்டும் போதுமா? எந்த சீட்டில் உட்கார்ந்தால் நல்லது? அடுத்த மாதம் அக்கா மகளுக்கு வளைகாப்பு. காலை 7 மணி பஸ்ஸில் போய் சாயங்காலம் 4 மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும்.”

உங்களுக்குக் கிடைத்த இரண்டு மாத்திரைகளும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல, குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் போய் “வாந்தி மாத்திரை” என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஆண்டான்செட்ரான் அல்லது டோம்பெரிடோன். கெட்டுப்போன சாப்பாடு, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இவற்றோடு வரும் வாந்திக்கு அவை நல்ல மருந்துகள். பஸ் வாந்திக்கு அவற்றால் பெரிதாகப் பயனில்லை, ஏனென்றால் பஸ் வாந்தி வயிற்றில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு “உடம்பு ஆடுகிறது, திரும்புகிறது” என்று மூளைக்குச் சொல்கிறது. அதே நேரத்தில் கண் பார்ப்பது முன் சீட்டின் முதுகை, அது அசையாமல் இருக்கிறது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோது குமட்டல் கிளம்புகிறது. அந்தத் தகவல் காதிலிருந்து வாந்தி மையத்துக்குப் போகும் வழியில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற இரண்டு ரசாயனங்களுக்கு வேலை இருக்கிறது. அவற்றைத் தடுக்கும் மருந்துதான் பஸ்ஸில் உதவும். ஆண்டான்செட்ரான் தடுப்பது வேறொன்றை. டோம்பெரிடோன் மூளைக்குள் சரியாக நுழைவதே இல்லை.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய சொல் “பஸ் பிரயாணத்துக்கான மாத்திரை.” அட்டையின் பின்புறம் மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படித்துப் பாருங்கள். ப்ரோமெதசின் தியோக்ளேட் 25 மி.கி. (அவோமின் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது), சின்னரிசின், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், இவற்றில் ஒன்றாக இருந்தால் சரியான மாத்திரை. உங்களைத் தூங்க வைத்தது அநேகமாக ப்ரோமெதசினாகத்தான் இருக்கும். இந்த நான்கில் அதிகம் தூக்கம் தருவதும், மலைப்பாதைக்கு நம்பகமானதும் அதுதான். தூக்கம் வந்ததால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வாந்தியை நிறுத்துகிற அதே ஹிஸ்டமின் தடைதான் விழிப்பையும் மந்தமாக்குகிறது.

அடுத்தது நேரம். என் கணக்கில் மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஆழியாறில் மாத்திரை போட்டீர்கள், அங்கிருந்து சில நிமிடங்களில் மலை ஏற்றம். சரியான மருந்தாகவே இருந்திருந்தாலும் அப்போது உதவியிருக்காது. விழுங்கிய மாத்திரை கரைந்து, வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போனால்தான் ரத்தத்தில் சேரும், அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். இதில் இன்னொரு சிக்கல், குமட்டல் தொடங்கியதுமே இரைப்பை தன் வேலையை நிறுத்திவிடுகிறது. உள்ளே இருப்பதைக் கீழே தள்ளாமல் அப்படியே வைத்துக்கொள்கிறது. குமட்டும்போது போட்ட மாத்திரை வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும், அடுத்த வளைவில் வெளியே வந்துவிடும். வாந்தியில் முழு மாத்திரையையே பார்த்தேன் என்று சிலர் சொல்வது இதனால்தான். வாயில் எச்சில் ஊற ஆரம்பித்த பிறகு மாத்திரைக்கு நேரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பஸ் 7 மணிக்கு. ஆழியாறு வரை பெரும்பாலும் சமவெளி, அதன் பிறகுதான் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை வரும்போது கீழே ஆழியாறு அணை தெரியும். நீங்கள் சொல்கிற “பத்து வளைவுக்குள்” என்பது ஏறக்குறைய அந்த இடம். மருந்து முழு பலத்தோடு இருக்க வேண்டியது ஆழியாறில், அதாவது ஏழே முக்கால் வாக்கில்.

ப்ரோமெதசினுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, புறப்பட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு போடுவது, உங்களுக்கு அது காலை ஐந்தரை மணி. போன முறை நீங்கள் அப்படித்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் தூக்கத்தின் உச்சம் விசேஷ நேரத்தில் வந்து விழுந்தது. இன்னொன்று, முந்தின இரவு படுக்கும்போதே ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது. மருந்தோடு வரும் குறிப்புத் தாளில் நீண்ட பயணத்துக்கு இந்த முறையே எழுதப்பட்டிருக்கும். இரவு ஒன்பதரைக்குப் போட்டால், தூக்கத்தின் கனமான பகுதி நீங்கள் எப்படியும் தூங்க வேண்டிய நேரத்திலேயே கழிந்துவிடும். மருந்து உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால் மறுநாள் காலையிலும் வாந்தித் தடுப்பு மிச்சம் இருக்கும். தூக்கம் சுத்தமாக இருக்காது என்று சொல்லமாட்டேன், காலையில் கொஞ்சம் மந்தமாக, நாக்கு வறண்ட மாதிரி இருக்கும். ஆனால் வளைகாப்பில் வளையல் போடும் நேரத்தில் சுவரில் சாய்ந்து கண் மூடும் நிலை பெரும்பாலும் வராது.

திரும்பும் பயணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்தி அழுத்தி வருவதால் பக்கவாட்டு ஆட்டத்தோடு முன்பின் உதறலும் சேரும், ஏற்றத்தைவிட மோசமாகப் பலருக்கு இருக்கும். முந்தின இரவு போட்டது அதற்குள் வடிந்திருக்கும். 4 மணி பஸ்ஸுக்கு இரண்டரை மணிக்கு இன்னொரு மாத்திரை. அதன் தூக்கம் பொள்ளாச்சி வந்து வீடு சேரும் நேரத்தில் வரும், அதனால் விஷயமில்லை. ஆனால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் திட்டம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். இந்த மாத்திரை போட்டவருக்குத் தூக்கம் வருவதாகத் தோன்றாவிட்டாலும் கையும் கண்ணும் தாமதமாகத்தான் வேலை செய்யும். யாரையாவது வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

இந்தத் தூக்கமும் வேண்டாம் என்றால் சின்னரிசின் 25 மி.கி. ஒரு நல்ல மாற்று. ப்ரோமெதசினைவிடத் தூக்கம் குறைவு, பலருக்கு மலைப்பாதையில் போதுமானதாகவே இருக்கிறது. புறப்பட இரண்டு மணி நேரம் முன்பு, அதாவது 5 மணிக்கு, வயிற்றில் ஏதாவது இருக்கும்போது போட வேண்டும். நடுக்குவாத நோய் உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது, நடுக்கத்தை அதிகமாக்கும். வயதானவர்கள் தலைச்சுற்றலுக்கு என்று மாதக்கணக்கில் இதைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் நடுக்கம் வரலாம். எப்போதாவது ஒரு நாள் பயணத்துக்குப் போடுவது வேறு விஷயம். எந்த மாத்திரையானாலும் முதல் முறையாக வளைகாப்பு அன்று சோதித்துப் பார்க்க வேண்டாம். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, எத்தனை மணிக்குத் தெளிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் கணக்கை நீங்கள்தான் கண்டுபிடிக்க முடியும்.

சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகளில் பல இதே வகையைச் சேர்ந்தவை, இரண்டும் சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும். அந்த வாரம் ஜலதோஷம் பிடித்திருந்தால் இதைக் கவனியுங்கள். மது சேரவே கூடாது. வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே மாத்திரையைப் பகிர்ந்து கொடுக்கும் பழக்கம் உண்டென்றால் ஒரு எச்சரிக்கை. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் ஆண்களுக்கும் இது பிரச்சினை செய்யும். எழுபது வயதுக்காரருக்கு இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாறி விழும் ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் வேறு மருந்து எதுவும் தினசரி சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் மேலே சொன்ன நேரக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மகளுக்கு எட்டு வயது. ப்ரோமெதசின் தியோக்ளேட் 25 மி.கி. மாத்திரையில் பாதி, அதே நேரங்களில், என்பது ஐந்து முதல் பத்து வயதுக்கான வழக்கமான அளவு. குழந்தை ரொம்ப மெலிந்திருந்தாலோ, இளைப்பு, வலிப்பு போன்ற தொந்தரவு இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலாக நேர்மாறாக வேலை செய்யும், எரிச்சலும் துள்ளலுமாக ராத்திரி முழுக்கப் படுத்திவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சோதனை அவளுக்கும் தேவை என்பது அதனால்தான். அளவை மட்டும் தாண்டவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே இதை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் ப்ரோமெதசின் மூச்சையே அடக்கிவிடக் கூடியது. “கைக்குழந்தை பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரட்டும்” என்று வீட்டில் இருக்கும் சளி சிரப்பை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது மிகவும் ஆபத்தானது. அந்த வயதில் பஸ் வாந்தியே அபூர்வம் என்பதால் தேவையும் இல்லை.

இஞ்சிக்கு வருகிறேன். இஞ்சி பொய் இல்லை, ஆனால் நாற்பது வளைவுக்குத் தனியாக நிற்கும் மருந்தும் இல்லை. 1988ஆம் ஆண்டு டென்மார்க்கில் 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களிடம் நடந்த சோதனையில் 1 கிராம் இஞ்சிப் பொடி வாந்தியையும் குளிர்ந்த வியர்வையையும் குறைத்தது. குமட்டலும் தலைச்சுற்றலும் குறைந்த அளவு உறுதியாகச் சொல்லும்படி இல்லை. சுழலும் நாற்காலியில் உட்கார வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்று இஞ்சிக்குச் சாதகமாகவும் இன்னொன்று பாதகமாகவும் முடிந்திருக்கின்றன. இஞ்சி வேலை செய்வது பெரும்பாலும் வயிற்றில், காதிலிருந்து வரும் செய்தியை அது நிறுத்துவதில்லை. அதனால் லேசான குமட்டல் உள்ளவருக்கு அது போதும், உங்களைப் போல் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுப்பவருக்கு மாத்திரையோடு சேர்ந்த துணை மட்டுமே. தூக்கம் தராது என்பது அதன் பெரிய நன்மை.

அளவுதான் இங்கே ஏமாற்றும். சோதனைகளில் கொடுத்தது காய்ந்த இஞ்சிப் பொடி, அதாவது சுக்குப் பொடி, 1 கிராம். அது தலை தட்டிய அரை டீஸ்பூன். பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மரப்பாவில் பெரும்பங்கு சர்க்கரை, ஒன்றிரண்டு துண்டு வாயில் போட்டால் தொண்டைக்கு இதமாக இருக்கும், மருந்தளவு எட்டாது. பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் அதே ஒரு கிராமுக்கு ஐந்து கிராம், ஏறக்குறைய கட்டைவிரல் நுனியளவு துண்டு வேண்டும். புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் அரை டீஸ்பூன் சுக்குப் பொடியைத் தேனிலோ பனை வெல்லத்திலோ குழைத்துச் சாப்பிடுங்கள், அல்லது அரை டம்ளர் வெந்நீரில் கலக்கிக் குடியுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் நெஞ்சு எரியும், அந்த எரிச்சலே குமட்டலைக் கிளப்பிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்தளவு சுக்கு எடுப்பதைத் தவிர்க்கலாம். எலுமிச்சம்பழம் முகர்வது டீசல் வாசனையை மறைக்கும், அவ்வளவுதான். அதுவும் சிலருக்குப் பெரிய உதவி, கையில் வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வெறும் வயிறு பாதுகாப்பு என்று நினைத்துப் பட்டினி கிடந்து போவது தப்பு. ஆறு மணிக்கு இரண்டு இட்லி, காரமில்லாத சட்னி, அது போதும். பூரி, வடை, பால் காபி இவை வயிற்றில் நெடுநேரம் நிற்பவை. திரும்பும்போது விசேஷச் சாப்பாட்டில் பாயசத்தை ஒரு வாயோடு நிறுத்துங்கள்.

இனி சீட். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கடைசி இரண்டு மூன்று வரிசைகள் வளைவில் வால் போல வீசப்படும், குண்டு குழியில் தூக்கிப் போடும், அங்கே உட்காரவே வேண்டாம். நேர்மாறாக முதல் வரிசையில் முன் எஞ்சின் பஸ்ஸானால் எஞ்சின் சூடும் டீசல் நெடியும் இருக்கும். எஞ்சின் மூடி பக்கத்தில் பக்கவாட்டாக உட்காரும் இடம் எல்லாவற்றையும்விட மோசம், உடம்பு போகும் திசையும் கண் பார்க்கும் திசையும் ஒன்றுக்கொன்று குறுக்கே இருக்கும். நல்ல இடம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, முன்பக்கமாக, மூன்றாவது நான்காவது வரிசை. அதிலும் சன்னலோரமா நடைபாதை ஓரமா என்றால், பெரும்பாலானவர்கள் சன்னல் என்பார்கள், நான் பெரியவர்களுக்கு நடைபாதை ஓரம் என்பேன். காரணம், அங்கிருந்து முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்தால் மூளை காத்திருந்து ஏற்றுக்கொள்ளும். டிரைவருக்கு வாந்தி வராததன் ரகசியம் இதுதான். சன்னலோரத்தில் பக்கத்துப் பாறையும் மரமும் சட்சட்டென்று ஓடுவதைப் பார்ப்பது குமட்டலைக் குறைப்பதில்லை, அங்கே காற்று மட்டும்தான் லாபம். அதனால் முன் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்காருங்கள்.

இந்த யோசனை உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தாது. எட்டு வயதுக் குழந்தையின் கண் உயரத்துக்கு முன் சீட்டின் முதுகு மட்டுமே தெரியும், நடைபாதையில் நிற்பவர்களின் இடுப்பு தெரியும். சாலை தெரியவே தெரியாது. குழந்தைகள் பஸ்ஸில் பெரியவர்களைவிட அதிகமாக வாந்தி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டமில்லாவிட்டால் டிரைவருக்குப் பின்னால் இல்லாத இடது பக்கத்தில், சாலை தெரியும்படி அவளுக்கு இடம் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் பார்க்க வைக்க முயல வேண்டாம், ஆழியாறு தாண்டியதுமே உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். கண் மூடினால் முரண்பட ஒரு தகவல் குறைகிறது, தலையும் அசையாது. இரவு போட்ட மாத்திரை மிச்ச வேலையைச் செய்யும். மலைப்பாதையில் அவள் கையில் போன் இருக்கவே கூடாது. திரையைப் பார்ப்பதும் புத்தகம் படிப்பதும் ஒன்றுதான்.

தலையை எவ்வளவு குறைவாக ஆட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. நம் அரசு பஸ் சீட்டுகளில் பலவற்றில் தலை சாய்க்க உயரம் போதாது, ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்துக்குப் பின்னால் வையுங்கள். பையைக் குனிந்து எடுக்கும் அவசியம் வராமல் தண்ணீர், எலுமிச்சை, காலிப் பை மூன்றையும் மடியிலேயே வையுங்கள். வளைவில் எல்லோரும் வெளிப்பக்கமாகச் சாய்வார்கள். டிரைவரைக் கவனியுங்கள், அவர் தலை வளைவின் உள்பக்கமாகச் சாயும். பஸ் இடது பக்கம் திரும்பினால் உங்கள் தலையும் கொஞ்சம் இடது பக்கம். இரண்டு மூன்று வளைவில் பழகிவிடும்.

அறிகுறிகள் ஒரு வரிசையில் வரும். முதலில் காரணமில்லாத கொட்டாவி, பிறகு பேச்சுக் குறையும், முகம் வெளிறும், மேலுதட்டில் சில்லென்ற வியர்வை, கடைசியாக வாயில் எச்சில் ஊறும். குழந்தைகள் குமட்டுகிறது என்று சொல்லமாட்டார்கள், திடீரென்று அமைதியாகிவிடுவார்கள் அல்லது வயிறு வலிக்கிறது என்பார்கள். கொட்டாவிக் கட்டத்திலேயே முகத்தில் காற்று படும்படி செய்து, மூக்கு வழியாக மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். மூச்சை எண்ணிக்கொண்டே விடுவது நிஜமாகவே சில வளைவுகளைக் கடத்திவிடும். எச்சில் ஊறிவிட்டால் அடக்கச் சொல்ல வேண்டாம், பையை எடுங்கள்.

வாந்தி எடுத்த பிறகு உடனே டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு வாயாக உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். மலையில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டால் அது பஸ் வாந்திதான். வால்பாறை சேர்ந்து மறுநாளும் வாந்தி நிற்கவில்லை, பயணமே இல்லாத நாளிலும் தலை சுற்றுகிறது, ஒரு காது மந்தமாகிறது, அல்லது ஐம்பது வயதுவரை எதுவும் வராதவருக்குப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்றால் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்க்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.